சேமிப்புக்குத் தானாகப் போன பணம் ஏன் திரும்பி வருகிறது?

சம்பளம் வந்ததுமே சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் பணம் போகும்படி வைத்திருக்கிறேன். ஆனால் 20ஆம் தேதிக்குள் அதிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

எனக்கும் ஒன்றரை வருடம் இதே கதைதான். மனவுறுதி போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் ஒரு வருடத்துக் கணக்கு அறிக்கையை எடுத்துவைத்து, சேமிப்பிலிருந்து திரும்ப எடுத்த தொகைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டேன். ஒன்பது வட்டங்கள் விழுந்தன. அவற்றில் ஏழு, காப்பீட்டுத் தவணை, வண்டிப் பழுது, பள்ளிக் கட்டணம் என்று வருடத்தில் ஓரிரு முறை மட்டும் தலைகாட்டுகிற செலவுகள். ஊதாரித்தனம் என்று சொல்ல இரண்டுதான் தேறின.

அதாவது, வரும் என்று தெரிந்த செலவுக்கு நான் இடமே வைக்கவில்லை. மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 20 பங்கைச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு செலவுகளும் சேர்ந்து வருடத்துக்கு 72 பங்கு, மாதத்துக்கு 6. இப்போது அந்த 6 பங்கு தனிக் கணக்குக்குப் போகிறது. அது எடுப்பதற்காகவே இருக்கும் பணம். மீதி 14 மட்டுமே சேமிப்பு. 20 என்று எழுதிவைத்து ஏமாந்ததைவிட இந்த 14 எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது போன இடத்திலேயே கிடக்கிறது. சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருக்கிறது, அதற்கு அட்டை வாங்கவில்லை.

தேதியையும் பாருங்கள். நான் பரிமாற்றத்தை 1ஆம் தேதிக்கு வைத்திருந்தேன். ஒரு மாதம் 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பளம் மறுநாள் மாலைதான் ஏறியது. கணக்கில் இருப்பு போதாமல் பரிமாற்றம் நின்றுபோனது, வங்கி மறுபடி முயலவும் இல்லை. பணம் போய்விட்டது என்ற நினைப்பில் முழுச் சம்பளத்தையும் தாராளமாகச் செலவழித்தேன். இப்போது 4ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன். விடுமுறையால் சம்பளம் தள்ளிப்போனாலும் அதற்குள் வந்துவிடுகிறது. மூன்று நாள் பணம் கையில் இருப்பது ஆபத்துதான், ஆனால் நின்றுபோன பரிமாற்றம் அதைவிட மோசம். உங்கள் நிறுவனம் சம்பளத்தை இரண்டு கணக்குகளுக்குப் பிரித்துப் போடச் சம்மதித்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

இன்னொன்று, உங்களிடம் கடன் அட்டை இருந்தால். சேமிப்பைத் தொடாமல் இருக்கிறோம் என்ற பெருமையில் குறைகிற பணத்தை அட்டையில் தேய்ப்பது மிகச் சுலபம். மாதக் கடைசியில் சேமிப்பு எவ்வளவு கூடியது, அட்டையில் கட்டாத பாக்கி எவ்வளவு கூடியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் 14, 14 என்று ஏறினால் நீங்கள் சேமிக்கவில்லை. அட்டையின் வட்டி சேமிப்பின் வட்டியைவிடப் பல மடங்கு என்பதால் நஷ்டத்தில்தான் இருக்கிறீர்கள். அப்போது பரிமாற்றத் தொகையைக் குறைத்து, முதலில் அந்தப் பாக்கியைக் கட்டுங்கள்.