கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

"எந்தத் தியேட்டருக்குப் போனாலும் சூப்பர்ஹீரோ படம்தான். ஏன் இப்படி? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. நான் பார்க்கிற மாதிரி இரண்டு மூன்று சொல்லுங்களேன்."

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள்தான் டிக்கெட் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். டர்பனில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இந்தப் படங்களை வெறுப்பவன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், மார்வெல் படங்களில் பெரும்பாலானவற்றை மகனோடு உட்கார்ந்து பார்த்தவன் நான்.

2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகம் முழுக்க ஏறக்குறைய 280 கோடி டாலர் வசூலித்தது. அதில் அமெரிக்கா, கனடாவில் வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த பணம். நகைச்சுவையும் குடும்பக் கதையும் மொழி மாறினால் பாதி போய்விடும், அடிதடிக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். அதனால்தான் பெரிய பணத்தை அதில் போடுகிறார்கள். அந்தச் சண்டைகளையும் பல சமயம் படப்பிடிப்புக்கு வெகு முன்பே, தனிக் குழு ஒன்று கணினியில் பொம்மைப்படம் போலச் செய்து வைத்துவிடுகிறது. இயக்குநர் மாறினாலும் கடைசி அரை மணி நேரம் மாறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் 2018இல் 'பிளாக் பேந்தர்' பார்த்த இரவை நான் மறக்கவில்லை. அந்தப் படத்தின் கற்பனை நாடான வகாண்டாவின் மக்கள் பேசுவது நம் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில், வகாண்டா அரசர் வேடத்தில் நடித்த நம் நாட்டு ஜான் கானி சொல்லித்தான் அந்த மொழி முதலில் உள்ளே வந்தது. கோசாவும் ஜூலுவும் நெருங்கிய மொழிகள். என் பக்கத்தில் இருந்த ஜூலுப் பாட்டி, கீழே வந்த எழுத்தைப் பார்க்காமலே வசனத்தைப் பேத்தியிடம் திருப்பிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே தமிழ்ப் படம் வந்தால் ஒரே ஒரு காட்சி, அதுவும் இரவு ஒன்பதரைக்கு. வேலைக்குப் போகிறவன் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போவது? பிறகு கூட்டம் வரவில்லை என்று தூக்கிவிடுகிறார்கள். இதை நான் மேலாளரிடமே கேட்டேன், பதில் இல்லை.

சரி, படங்கள். 'பிளாக் பேந்தர்' கடைசிச் சண்டை நீங்கள் அலுத்துப்போன ரகம்தான், அதற்கு முந்தைய பகுதிக்காகப் பாருங்கள். 'லோகன்' (2017) வேறு. வயதாகித் தளர்ந்த ஒருவன், நினைவு தப்பும் தன் ஆசானை மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறான். வானத்திலிருந்து எந்தப் படையும் இறங்காது, முடிவு ஒரு காட்டுக்குள். ரத்தம் அதிகம், பிள்ளைகளோடு வேண்டாம்.

'குரோனிக்கிள்' (2012) சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்த சின்னப் படம். கதை அமெரிக்காவில், படப்பிடிப்பு பெரும்பாலும் நம் கேப் டவுனில். மூன்று பள்ளி மாணவர்களுக்குச் சக்தி வருகிறது. முதலில் விளையாட்டு, அப்புறம் அப்பாவிடம் அடிவாங்கும் பையனின் கோபம் அதில் கலக்கிறது. இதிலும் இறுதியில் நகரம் உடையும், ஆனால் மோதுவது உறவுக்காரப் பையன்கள் இருவர். அவர்கள் வீட்டுக் கதை நமக்குத் தெரியும் என்பதால் மனம் பதறும். முதலில் இதைப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.