தலை வலித்தால் பிரஷர் ஏறிவிட்டதா? டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: நேற்று தலை பிளந்தது. மெஷினில் பார்த்தால் 156/94. பிரஷர் மாத்திரை கூடுதலாக ஒன்று போட்டேன். சரிதானே டாக்டர்?

பதில்: இல்லைங்க, நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். இந்த அளவு பிரஷருக்குப் பொதுவாகத் தலை வலிக்காது. வலியும் பதற்றமுமே பிரஷரை ஏற்றிவிடும். வலிக்கும்போது மட்டும் அளந்தால் இரண்டும் சேர்ந்தே வருவதாகத்தான் தோன்றும்.

என்னிடம் வந்த ஒருவருக்கும் இதே சந்தேகம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வாரம் காலையும் மாலையும் அளக்கச் சொன்னேன். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வலித்த நாளில் 158, வலிக்காத நாட்களில் 152, 155. பிரஷர் எப்போதுமே அதிகமாகத்தான் இருந்திருக்கிறது. வலிதான் வந்து வந்து போயிருக்கிறது. ஒரு பக்கமாகத் தெறிக்கும் வலி, வெளிச்சம் பட்டால் கூசும், குமட்டும் என்றார். அது மைக்ரேன். இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் செய்தோம்.

கேள்வி: அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் தலைவலி நின்றுவிட்டது. அப்போ பிரஷர்தானே காரணம்?

பதில்: என்ன மாத்திரை என்று பாருங்கள். புரோப்ரனலால், கேன்டிசார்டன் போன்றவை பிரஷர் இல்லாதவர்களுக்கும் மைக்ரேனைத் தடுக்கும். பிரஷர் குறைந்ததால் வலி நின்றதா, மருந்து நேரடியாக நிறுத்தியதா என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: எனக்கு 170 இருக்கு, தலைவலியே கிடையாது. அப்போ மருந்தை நிறுத்திடலாமா சார்?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நான் சொன்னதன் பொருள் அதுவல்ல. வலி காட்டாமலேயே பிரஷர் மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றையும் கெடுக்கும். 170 என்றால் இருக்கிற மருந்தே போதவில்லை. சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அப்போ எந்த அளவில்தான் தலை வலிக்கும்?

பதில்: மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 120, அதற்கும் மேல் போகும்போது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் விண்விண் என்று தெறிக்கும். பிரஷர் இறங்க இறங்க வலியும் இறங்கும். அப்படி இறங்கினால்தான் பிரஷர் மேல் பழி போடலாம். அந்த அளவோடு பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, கை கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எது இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலிக்கு மெஷினையே தேட வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம் டாக்டர். இரண்டு நாளாகத் தலைவலி, 144/92 காட்டுகிறது. இந்த அளவுக்கு வலிக்காது என்றீர்களே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. கர்ப்பத்தில் இந்தக் கணக்கு செல்லாது. 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தாண்டி, கூடவே தலைவலியும் இருந்தால் ப்ரீ எக்லாம்ப்சியா என்ற ஆபத்தான கர்ப்பகால பிரஷர் நோயாக இருக்கலாம். அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே பிரசவ மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்வார்கள். கண்ணில் பூச்சி பறந்தாலோ, மேல் வயிறு வலித்தாலோ போனதும் அதைச் சொல்லுங்கள்.