அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்?

கேள்வி: நர்சிங் முடித்து நாலு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அம்மாவின் வளையலை அடகு வைத்து ஜெர்மன் படித்து, பி2 தேர்வும் பாஸாகிவிட்டேன். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வீடியோவில் நேர்காணல் நடத்தியது. தைரியத்துக்கு அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். ஆனால் ‘உறுதி போதவில்லை, ஒத்துக்கொள்கிறாரா இல்லையா என்றே புரியவில்லை’ என்று சொல்லிவிட்டார்களாம். பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இந்த வளர்ப்புதான் எனக்குக் குறுக்கே நிற்கிறதா? மூன்று வாரத்தில் இன்னொரு மருத்துவமனையின் நேர்காணல் இருக்கிறது.
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வளர்ப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம். அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், இடமா வலமா?

ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் கஷ்டமான கேள்வி ஒன்று வந்ததும் உன் கண் எங்கே போயிருக்கும்? பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து எங்கே போய்ப் பழகியதோ, அங்கேதான். அரை நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வாய் திறந்திருப்பாய்.

இதையே அந்தப் பக்கமிருந்து பார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உன் அப்பா தெரியமாட்டார். கேள்வி கேட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிட்டு வரும் ஒரு ஜோடிக் கண் மட்டும்தான் தெரியும். யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள், அல்லது சுவரில் ஒட்டிய தாளைப் படிக்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்தச் சந்தேகத்தை யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள். ‘உறுதி போதவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீடியோ பேச்சில் பார்வை எப்படிப் படுகிறது என்று மில்டன் சென் என்ற ஆய்வாளர் சோதித்து, 2002-இல் எழுதினார். பேசுபவரின் கண் கேமராவிலிருந்து பக்கவாட்டிலோ மேலேயோ கொஞ்சம் விலகினாலும் எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். அதே கண் கொஞ்சம் கீழே இறங்கினால் பெரிதாகத் தெரிவதில்லை, தன்னைப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறார். கீழே சுமார் 5 டிகிரி வரை இந்தச் சலுகை உண்டு. லேப்டாப்பிலிருந்து நீ 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கேமராவுக்குக் கீழே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்.

அதனால் அவர்கள் முகம் தெரியும் ஜன்னலைச் சின்னதாக்கி, திரையின் மேல் விளிம்பில், கேமராவுக்கு நேர் கீழே கொண்டுவந்து வை. அவர்கள் முகத்தையே பார்த்துப் பேசலாம், கேமராவை முறைக்க வேண்டியதில்லை. மடியைப் பார்க்கும் அளவுக்குத் தலை குனிந்தால்தான் தப்பு. ஆக, உன் வளர்ப்பு தந்த தணிந்த பார்வையைக் கேமரா ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அப்பா பக்கம் போகும் பார்வையைப் பொறுக்காது. நீ பழியைத் தூக்கி வளர்ப்பின் மேல் போட்டதில்தான் எனக்குக் கோபம்.

கண்ணைத் தாழ்த்துவது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, எதிரில் இருப்பவரின் கண்ணையே உற்றுப் பார்க்காமல் கழுத்து, டை முடிச்சு அளவில் பார்வையை வைக்கச் சொல்லித் தருவதுண்டு. ஜெர்மனியில் பார்வை விலகினால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே வேலை கேட்கிறாய், அங்கத்திய கணக்கில் பேசு. யோசிக்கும்போது கண் விலகுவது எல்லா ஊரிலும் இயல்புதான். ‘ஒரு நிமிடம் யோசிக்கிறேன்’ என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு விலக்கு.

சரி, ‘ஒத்துக்கொள்கிறாரா இல்லையா’ என்ற பகுதிக்கு வருகிறேன். அது உன் தலை செய்த வேலை என்று நினைக்கிறேன். சொல்வது புரிகிறது, சரி, ஆகட்டும் என்பதற்கெல்லாம் நாம் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகச் சாய்த்து ஆட்டுவோம். ஜெர்மனியில் மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், இடமும் வலமும் திருப்பினால் இல்லை. நம் ஆட்டம் அந்த இரண்டிலும் சேராது. பார்ப்பவருக்கு ‘இல்லை’ போலத் தெரியும், அல்லது ‘பார்க்கலாம்’ என்று தட்டிக்கழிப்பது போலத் தெரியும்.

நர்ஸுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ‘டாக்டர் சொன்ன மருந்தின் அளவு உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள் என்று வை. நீ சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்து ஆட்டிவிட்டு, ‘திரும்பக் கேட்பேன்’ என்கிறாய். வாய் சொன்னது சரியான பதில். ஆனால் அவர்கள் தலையைத்தான் பார்த்தார்கள். இவள் நாளைக்கு வார்டில் ‘5 மில்லிகிராம் கொடு’ என்றால் புரிந்ததா புரியவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்ற கவலை அந்த மேஜையில் அப்போதே வந்துவிடும். அது நியாயமான கவலை.

அந்த ஆட்டத்தை அடியோடு நிறுத்த மூன்று வாரம் போதாது, முயலவும் வேண்டாம். ஆமாம் என்பதை முதலில் வாயால் சொல். ‘யா, ஃபெர்ஷ்டாண்டன்’, அதாவது ‘ஆமாம், புரிந்தது’ என்று சொல்லிவிட்டு, கேட்டதை ஒரு வரியில் திருப்பிச் சொல்: ‘5 மில்லிகிராம், காலையில் ஒரு வேளை.’ வார்த்தை முந்திக்கொண்டால் தலை எப்படி ஆடினாலும் குழப்பம் குறையும். தோழி ஒருத்தியை வீடியோவில் கேள்வி கேட்கச் சொல்லி, அதைப் பதிவு செய். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார். எந்த இடத்தில் ஆமாம் சொன்னாய், எந்த இடத்தில் இல்லை சொன்னாய் என்று உன்னாலேயே சொல்ல முடியவில்லை என்றால், அவர்களாலும் முடிந்திருக்காது. பக்கத்து நாற்காலிக்குக் கண் எத்தனை முறை போகிறது என்பதையும் அதிலேயே எண்ணிவிடலாம்.

நேரில் கூப்பிட்டால் ஒன்று மட்டும். அவர்கள் கை நீட்டினால் முழுக் கையையும் கொடு. விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்காதே. கை கொடுக்கும்போது முகத்தைப் பார். அப்புறம் ஒரு கை நீளம் தள்ளியே நின்று பேசு. அவர்கள் அரை அடி பின்னால் நகர்ந்தால் நீ நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம். நீயும் முன்னால் போகாதே.

இனி இதை அப்பாவிடம் காட்டு. ஐயா, உங்கள் பெண் கூச்சப்படுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அந்த அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் நாளைக்கு ராத்திரி டியூட்டியில் நாற்பது வயது டாக்டரிடம் ‘இந்த அளவு தப்பு’ என்று தனியாகச் சொல்ல வேண்டியவள். அந்த அறையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அதை அவள் உங்கள் வீட்டிலேயே பழகட்டும்.

மகளே, உனக்கும் சொல்கிறேன். அடகில் இருக்கும் வளையலை மீட்பது உன் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அப்பாவைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்வதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அது மரியாதை இல்லை. உன் பயத்தை அவர் மடியில் இறக்கி வைப்பது. வாங்கிய கடனுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், நேர்காணலுக்கும் நீதான்.

அடுத்த முறை அறைக் கதவைச் சாத்து. அப்பா திண்ணையில் உட்காரட்டும். முடிந்ததும் முதலில் வெளியே வந்து அவரிடம் சொல்.