சாப்பாட்டுத் தீட்டு: சமய மானிடவியல் பேப்பருக்கு கேள்வி பதில்

வந்த கேள்வியெல்லாம் வாசிச்சன். சாப்பாடு, துடக்கு, எச்சில் இதுக்கு மட்டும்தான் பதில் போடுறன், வெபர் துர்க்கைம் எல்லாம் வேற யாரிட்டயாவது கேளுங்க. எனக்கு ருசியான கேள்விக்கு நீட்டுவன், மத்ததுக்கு ஒரு வரி. கோவிக்கப்படாது.

வந்தாறுமூலை மாணவி: சேர், தீட்டு எண்டுறது அந்தக் காலத்து ஹைஜீன்தானே? கிருமி தெரியாததால சமயமாச் சொல்லி வச்சாங்க எண்டு எழுதலாமா?

எழுதலாம் புள்ள, மார்க்தான் வராது. நல்லா குளிச்சு முழுகின ஒராள் புதுச் சட்டியில சமைச்சாலும் "அந்த வீட்டுச் சோறு வேணாம்" எண்டு சொல்லுவாங்க, சொந்தத்துல ஒராள் இருமி இருமி சமைச்சா சத்தமில்லாம சாப்பிடுவாங்க. இதுல கிருமி எங்க இருக்கு? மேரி டக்ளஸ் எண்ட மானிடவியலாளர் 1966ல சொன்ன விசயம் இதுதான், அழுக்கு எண்டுறது இருக்க வேண்டிய இடத்துல இல்லாத பொருள். தலையில இருக்கக்குள்ள எண்ண பூசி வாரிக் கட்டுற அதே முடி சோத்துக்குள்ள கிடந்தா கோப்பையத் தள்ளி வச்சிட்டு எழும்புறம், முடி மாறல்ல, இடம்தான் மாறினது. ஒரு ஒழுங்கு இருந்தாத்தான் அழுக்கே வரும், அப்ப அழுக்கப் பார்த்தா அந்த ஒழுங்கக் கண்டுபிடிக்கலாம். இதுதான் அந்தப் பாடத்தின்ட அடி.

களுவாஞ்சிக்குடி: சமைச்சது சமைக்காதது எண்டு ஏன் இவ்வளவு பெருசா கதைக்கிறாங்க? மேரியட்ட அட்டவணை ஒண்டும் விளங்கல்ல சேர்.

நல்ல கேள்வி, இதுக்குத்தான் உக்காந்தன்.

மேரியட் வட இந்தியாவில கிஷன் கரி எண்டு அவர் பேர் வச்ச ஊர்ல பார்த்தவர். எந்தச் சாதி உசத்தி எண்டு பார்க்க அவர் யார் யாருக்கு சாப்பாடு குடுக்கிற, யார் வாங்கிற எண்டு எழுதி அட்டவணை போட்டு 1968ல வெளியிட்டார். குடுக்கிறவன் ஒரு படி மேல, வாங்கிறவன் ஒரு படி கீழ. ஆனா எல்லாச் சாப்பாடும் ஒண்டில்ல. பச்சையாக் குடுக்கிற தானியம் ஒருத்தரையும் இறக்காது, நெய்யில பொரிச்சது கொஞ்சம் இறக்கும், தண்ணியில அவிச்சது நல்லா இறக்கும், சாப்பிட்டு மிஞ்சின எச்சிலத் தொட்டு எடுக்கிறவன் அடியில.

இப்ப நம்மட பக்கத்து முப்பத்தோராம் நாள் வீடு ஒண்ட எடுங்க, பழைய ஆக்கள் சொல்லுற மாதிரி. குருக்களுக்கு வாழையிலையில பச்சையரிசி, வாழைக்கா, பூசணிக்கா, தேங்கா, வெத்திலையில தட்சணை வச்சுக் குடுப்பாங்க. அவர் அத வீட்டுக்குக் கொண்டு போய் தன்ட அடுப்புல ஆக்குவார், இஞ்ச உக்காந்து சோறு தின்னமாட்டார். சொந்தக்காரர் பந்தியில இருந்து சாப்பிடுவாங்க, நாளைக்கு அவங்கட வீட்டு விசேசத்துக்கு இவங்க போய்ச் சாப்பிடுவாங்க. துணி வெளுக்கிற கட்டாடிக்கும் முடி வெட்டுற பரிகாரிக்கும் ஆக்கின சோறு கறியக் குடுப்பாங்க, ஆனா பந்தியில இல்ல, வேற இடத்துல, இல்லாட்டி கட்டி அனுப்புற.

மறுகா மேரியட்ட கணக்கப் போடுங்க. குருக்களுக்குப் போனது பச்சை, அதால அவர் வாங்கினாலும் இறங்கல்ல. சொந்தத்துக்குள்ள குடுக்கலும் வாங்கலும் ரெண்டு பக்கமும் ஓடுது, கழிச்சா பூச்சியம், அதாவது சமம். கட்டாடி வீட்டுக்கு சோறு போகுது, அங்க இருந்து ஒருநாளும் சோறு திரும்பி வரல்ல, இந்த வீடு மேல ஏறுது. மறுகா பந்தி முடிய எச்சில் இலைய யார் அள்ளினது எண்டு பாருங்க. சமத்துக்குள்ள ஒராள் அள்ளினா அது உதவி, அதுக்கெண்டே ஒராள் நிண்டா அது இடம். அதே அரிசிதான், பச்சையா இருக்கக்குள்ள மேல போகுது, வெந்தாப்பிறகு மேல போகாது.

ஏன் வேகவச்சா மாறுது எண்டு கேப்பீங்க. ஆக்கினவன்ட கை, பாத்திரம், தண்ணி எல்லாம் சோத்துக்குள்ள போயிட்டு எண்டு ஒரு நினைப்பு. அத உள்ள எடுத்தா அவனயும் கொஞ்சம் உள்ள எடுத்த மாதிரி.

இப்ப இது எங்க கிடக்கு எண்டா, யாரும் வாயால "உங்கட வீட்டுல சாப்பிடமாட்டன்" எண்டு சொல்லமாட்டாங்க. "வயிறு சரியில்ல, ஒரு சோடா காணும்" எண்டுவாங்க. மூடி திறக்காத போத்தல், யாரும் ஆக்கல்ல. அந்தச் சோடாவ எழுதுங்க, மேரியட்டே சந்தோசப்படுவார். ஆனா ஒருக்கா சோடா கேட்டத மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க, உண்மையிலயே வயிறு சரியில்லாத மனிசரும் இருக்காங்க. மூணு நாலு விசேசத்துல அதே ஆள் அதே வீட்டுல மட்டும் சோடா குடிச்சாத்தான் விசயம்.

காரைதீவு: பல்லி விழுந்த கறியச் சாப்பிடலாமா, என்ன பரிகாரம்?

கொட்டுங்க. மத்தது ஐயரிட்ட கேளுங்க.

கல்முனை: பன்றிக்கு டக்ளஸ் சொன்ன காரணத்த இஸ்லாத்துக்கும் அப்படியே எழுதலாமா? நாங்க சஹன் எண்ட ஒரே பெரிய தட்டுல ஒண்டா இருந்து சாப்பிடுறமே, அதுக்கு இந்தத் தியரி எல்லாம் சரிவருமா?

முதல் பாதிக்கு, எழுதாதீங்க. டக்ளஸ் பார்த்தது பழைய ஏற்பாட்டு லேவியர் 11. அங்க குளம்பு பிளந்து அசையும் போடுற மிருகம் சாப்பிடலாம். பன்றிக்கு குளம்பு பிளந்திருக்கு, அசை போடாது, வகைக்குள்ள அடங்கல்ல, அதால விலக்கு. ஒட்டகம் அசை போடும் ஆனா குளம்பு பிளக்கல்ல எண்டு அதுவும் அங்க விலக்கு. இஸ்லாத்துல ஒட்டகம் ஹலால். அப்ப அசை போடுற கணக்க அங்க கொண்டு வந்தா இடிஞ்சு விழும். குர்ஆன் 2:173ல செத்தது, ரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பேர் சொன்னது எண்டு நேராவே வருது, நிர்ப்பந்தத்துல சாப்பிட்டவனுக்குக் குற்றமில்ல எண்டும் அதுலயே வருது. பன்றி வளர்க்க நிழலும் தண்ணியும் வேணும், வறண்ட நாட்டுக்கு நட்டம் எண்டு மாவின் ஹாரிஸ் சொன்னதயும் ஒரு பந்தி எழுதலாம், ஆனா நட்டமானத எல்லாம் மனிசன் ஹராமாக்கல்ல.

ரெண்டாவது பாதிதான் தங்கம். கந்தூரியில ஒரு சஹனச் சுத்தி அஞ்சாறு பேர் கை போடுறாங்க, பக்கத்து ஊர் இந்துப் பந்தியில ஆளுக்கொரு இலை, ஒருத்தன்ட இலைக்குள்ள மத்தவன் கை போகாது. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு வேலிதான். சஹன்ல விதி பொருள்ல நிக்குது, என்ன மிருகம், எப்படி அறுத்தது. பந்தியில விதி ஆளுல நிக்குது, யார் தொட்டது. எண்டாலும் சஹனுக்குள்ள ஏத்த இறக்கமே இல்ல எண்டு எழுதி மாட்டுப்படாதீங்க, யார் எந்தச் சஹனுக்குக் கூப்பிடப்படுறார் எண்டும் பாருங்க.

அக்கரைப்பற்று: எங்கட உம்மா தைப்பொங்கலுக்கு பக்கத்து வீட்டால வாற பொங்கல வாங்குவா, கோயில்ல தாறத வாங்கமாட்டா. இது சாதிப் பிரச்சினையா?

இல்ல மனே, மேல சொன்ன 2:173ன்ட நாலாவது விசயம். படைச்சதுதான் தடை, ஆக்கினவ இல்ல. படைக்க முதல் ஒரு பங்க எடுத்து வச்சு முஸ்லிம் வீட்டுக்கு அனுப்புற தமிழ் வீடுகளும் இருக்கு, அவங்களுக்கு உங்கட விதி நல்லாத் தெரியும். உங்கட உம்மாட கதைய அப்படியே பேப்பர்ல எழுதுங்க.

செங்கலடி: தீட்டு எண்டா சுகாதாரம்தானே சேர், நம்மட முன்னோர் விஞ்ஞானிகள்.

முதல் பதிலப் பாருங்க.

திருக்கோவில்: பிரசாதம் கடவுள்ட எச்சில் எண்டு ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்கான். இதப் படிக்கவே அருவருப்பா இருக்கு. நீங்களும் இதத்தான் படிப்பிக்கிறீங்களா?

பாப் எண்டவர் சத்தீஸ்கர்ல பார்த்து எழுதினது அது, திட்டி எழுதினதில்ல. அவர்ட கணக்கு இது: எச்சில வாங்கிறவன் கீழ, அப்ப சாமி சாப்பிட்டு மிஞ்சினத வாங்கிற எல்லாரும் சாமிக்குக் கீழ, அந்த நேரம் எல்லாரும் ஒரே வரிசை. பூசை முடியிற வரைக்கும் மனிசருக்குள்ள இருந்த படி எல்லாம் ஒருக்கா மறையுது எண்டார்.

மண்டூர்: அது சரியாத்தான் இருக்கும். எங்கட கோயில்ல கப்புகனார் வாயக் கட்டித்தான் பூசை செய்யிறவர். எச்சில் பெரிய விசயம் இல்லாட்டி ஏன் கட்டுற?

பாதி சரி. வாய் கட்டுறது மனிசன்ட மூச்சும் எச்சிலும் படைக்க முதல் அதுல படக் கூடாதெண்டு. கதிர்காமத்துலயும் அப்படித்தான். அது போற வழியக் காட்டுது, சாமியிட்ட இருந்து திரும்பி வாறது எச்சிலா இல்லையா எண்டத அது காட்டாது.

திருக்கோவில்: அப்ப திருநீறும் பூவும் பிரசாதம்தானே? அத யார் தின்டது? கண்ணப்ப நாயனார் தன்ட வாயால ருசி பார்த்த இறைச்சியச் சாமிக்கு வச்சாரே, அதுக்கு என்ன சொல்லுற?

முதல் அடி சரியான அடி. ஃபுல்லர் 1992ல பாப்புக்குச் சொன்ன மறுப்பும் இதுக்குக் கிட்ட வரும்: பிரசாதம் மிச்சம் இல்ல, சாமியத் தொட்டதால பொருளே மாறினது, சாப்பாடு அதுல ஒரு வகை மட்டும்தான். கண்ணப்பர் கதை விதிய உடைக்கிற கதை, அது உடையிறதாலதான் கதை. விதி இல்லாத ஊர்ல அந்தக் கதையில ஒரு அதிர்ச்சியும் இருக்காது.

எனக்கு பாப்போட இருக்கிற சண்டை வேற. எல்லாரும் ஒரே வரிசை எண்டா நம்மட கோயில்ல மரியாதைக்குத் தட்டுல வச்சுக் குடுக்கிற பிரசாதம், காளாஞ்சி, யாருக்கு முதல் எண்டு ஏன் கோர்ட் வரைக்கும் போறாங்க? கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர் முதல், மறுகா இந்தத் தாய்வழிக் குடி, மறுகா அந்தக் குடி, வரிசை மாறினா திருவிழாவே குழம்பும். சாமிக்கு முன்னால மறைஞ்ச படி தட்டுல திரும்பி வருது.

மண்டூர்: எங்கட கோயில்ல அப்படி ஒண்டும் நடக்கல்ல.

ஓம், ஒரு கோயில்லயும் நடக்கல்ல.

திருக்கோவில்: நீங்க கதைய மாத்துறீங்க. எச்சிலா இல்லையா, ஒரு சொல்லுல சொல்லுங்க.

ஒரு சொல்லுல சொல்ல ஏலாது. வீட்டுல மனிசி புருசன்ட கோப்பையில சாப்பிடுறதயும் கோயில்ல பொங்கல் வாங்கிறதயும் ஒரே ஆள் ஒண்டாத்தான் நினைக்கிறாவா எண்டு கேட்டுப் பார்க்கோணும். ஒரு ஊர்ல ஓம் எண்டுவாங்க, அடுத்த ஊர்ல உங்கள மாதிரி அடிக்க வருவாங்க. பேப்பர்ல ரெண்டையும் எழுதி உங்கட பக்கத்தச் சொல்லுங்க, திருநீறு உதாரணத்தோட.

ஆரையம்பதி: சாதி பத்தி டூமோன்ட் சொன்னது மட்டக்களப்புக்குப் பொருந்துமா?

கொஞ்சம்தான். அவருக்குச் சுத்தம் உச்சி, பிராமணன் அதுல இருக்கிறவர், காசும் காணியும் அதுக்குக் கீழ. நம்மட பக்கம் கன கோயில்ல பூசை செய்யிறவங்க வீரசைவக் குருக்கள், காணியும் கோயில் உரிமையும் முக்குவர், வேளாளர் குடிகளிட்ட. அக்கரைப்பற்றுல நெடுகப் பார்த்த மக்கில்வ்ரே இதத்தான் எழுதினவர், இஞ்ச உசத்திக்கு உரிமையும் முன்னீடும் பேசும், தீட்டு மட்டும் பேசாது. அதால டூமோன்ட வச்சுத் தொடங்குங்க, அவரோட முடிக்காதீங்க.

வாழைச்சேனை: கல்யாணம் முடிச்சு வந்த வீட்டுல மாமி மாதத் துடக்கு மூணு நாளைக்கும் எனக்கு வேற கோப்பை தாறா, குசினிக்குள்ள விடுறா இல்ல. நான் என்ன செய்யிற?

அத நீங்களும் மாப்பிள்ளையும்தான் பேசி முடிக்கோணும் புள்ள, எனக்கு மாமியத் தெரியாது. பேப்பருக்கு எண்டா ஒண்டு கவனியுங்க, அந்த மூணு நாளும் குசினியில யார் நிக்கிறா? மாமியே ஆக்கினா அவவுக்கும் வேலைதான். சில வீட்டுல விதி பொம்பிளைய ஒதுக்குது, சில வீட்டுல அந்த ஒரு சாட்டுலதான் மருமகளுக்கு ஓய்வே கிடைக்குது, கன வீட்டுல ரெண்டும் ஒண்டா. வாங்கிற கை எது, எட்டி வைக்கிறாவா கையில தாறாவா எண்டும் பாருங்க.

ஓட்டமாவடி: சேர், சுத்தம் சுகாதாரம்...

மனே.

பொத்துவில்: அசைன்மென்ட்டுக்கு வீடு வீடா போய் "நீங்க யாரிட்ட சாப்பிடமாட்டீங்க" எண்டு கேக்கலாமா?

கேட்டா எல்லாரும் "நாங்க அப்படிப் பாக்கிறல்ல" எண்டுதான் சொல்லுவாங்க, 1957லயே கடையில ஆளப் பார்த்து வேற பேணி, சிரட்டை குடுக்கிறதுக்கெல்லாம் எதிராச் சட்டம் வந்திட்டு, வெக்கமும் இருக்கு. கடைசியா நடந்த விசேசத்தக் கேளுங்க. எத்தின மணிக்குப் பந்தி, யார் ஆக்கின, யார் பரிமாறின, பார்சல் யாருக்குப் போச்சு, ஆர் சோடாவோட எழும்பின. கல்யாணத்த விடச் செத்த வீடும் முப்பத்தொண்டும் நல்லம், கல்யாணத்துல இப்ப எல்லாம் மண்டபமும் புஃபேயும், சமையல்காரன் ஆரெண்டே ஒருத்தருக்கும் தெரியா.