நுரையீரல் ரத்த அழுத்தம்: எக்கோவுக்கு அப்புறம் என்ன?

கேள்வி: அம்மாவுக்குக் கையில் பிபி 120/80தான். எக்கோவில் நுரையீரல் பிரஷர் 58 என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி?

பதில்: கையில் பார்ப்பது இடது இதயம் தள்ளும் அழுத்தம். நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது வலது கீழறை. அதன் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்துக்கே பழகியது. நுரையீரலின் சிறு தமனிகள் குறுகும்போது அது முதலில் சுவரைத் தடிக்க வைத்துச் சமாளிக்கும். அப்புறம் விரியத் தொடங்கும். விரியும்போது இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் இடப்பக்கம் நெருக்கப்படுவதால், இடது அறை நிரம்புவதும் குறையும். படி ஏறும்போது மூச்சு வாங்குவதும், சிலருக்கு மயக்கம் வருவதும் இதனால்தான். மூவிதழ் வால்வு கசிந்து, ரத்தம் பின்னால் தேங்கினால் கால் வீங்கும். எக்கோ அறிக்கையில் வலது கீழறையின் அளவையும் இயக்கத்தையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது? 58ஐவிட எனக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: 58 வந்தாலே உறுதிதானே சார்? சில்டெனாபில் மாத்திரை தொடங்கிவிடலாமே, கதீட்டர் எதற்கு?

பதில்: பலமான சந்தேகம் என்பது சரி. ஆனால் வால்வில் ரத்தம் கசியும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு வந்த எண் அது. நேரடியாக அளந்தது அல்ல. காரணத்தையும் அது சொல்லாது. இடது இதய நோயால்தான் பெரும்பாலும் இந்த அழுத்தம் கூடுகிறது. அவர்களுக்கு இந்த மாத்திரை வழக்கமான சிகிச்சை இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம்.

கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக உள்ளே விட்டு, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தத்தை அளப்பார்கள். 20க்கு மேல் இருந்தால் நோய் இருக்கிறது. பிறகு நுனியில் உள்ள பலூனை ஊதி, அந்தத் தமனியின் ஒரு கிளையை அடைத்து, இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைப் பார்ப்பார்கள். ஓர் உதாரணம்: சராசரி 44, இடப்பக்கம் 10, நிமிடத்துக்கு 4 லிட்டர் ரத்தம். 34ஐ 4ஆல் வகுத்தால் தடை 8.5, 2க்கு மேல் போனாலே அதிகம். இங்கே கோளாறு நுரையீரல் குழாய்களில். இன்னொருவருக்குச் சராசரி 36, இடப்பக்கம் 28, ரத்தம் 5 லிட்டர் என்றால் தடை 1.6தான். அவருக்குக் கவனிக்க வேண்டியது இடது இதயம். எக்கோவில் இருவரும் ஒரே மாதிரி தெரியலாம்.

கேள்வி: எனக்குக் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சிடி கிளியர் என்றார்கள். ஆனால் மாடி ஏற முடியவில்லை.

பதில்: உங்களை இப்படியே விடக்கூடாது. முதலில் எக்கோ. அப்புறம், காற்றும் ரத்தமும் நுரையீரலில் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வி/க்யூ ஸ்கேன் கேளுங்கள். குழாய்ச் சுவரோடு ஒட்டி இறுகிப்போன பழைய ரத்தக் கட்டி சிடியில் தவறிவிடுவதுண்டு. காற்று போகும் இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்றால் இந்த ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். அது முழுக்க இயல்பாக இருந்தால் அந்தச் சந்தேகத்தை ஏறக்குறைய விட்டுவிடலாம். கட்டி இருந்து, இடம் சாதகமாக இருந்தால், அறுவை சிகிச்சையில் அதை உரித்தெடுக்க முடியும். இந்த நோயில் குணமாக்கும் வாய்ப்புள்ள வகை இது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கதீட்டரில் எனக்குச் சராசரி 22. மருந்து வேண்டுமா?

பதில்: இதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை. முன்பு வரம்பு 25ஆக இருந்தது. மருந்துச் சோதனைகளும் அந்த வரம்பில்தான் நடந்தன. காரணத்தைத் தேடுங்கள். தோல் இறுகும் ஸ்க்ளெரோடெர்மா இருந்தால் விடாமல் கண்காணிக்கச் சொல்லுங்கள்.