சாம்பார் அட்டையை எந்தக் குவியலில் வைப்பது?

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு சமச்சீர் உணவுத் தட்டு பாடம் எடுக்கணும். அட்டை பிரிக்கிற செயல்பாடும் ஒரு சின்ன உணவுத் திட்டமும் வைக்கலாம்னு இருக்கேன். சார்ட்டில் இருக்கிற சாப்பாடு எதுவும் எங்க பிள்ளைங்க சாப்பிடுறது இல்லை. எப்படி நடத்துறது?

கடையில் வாங்கிய சார்ட்டாக இருந்தால் அதில் ப்ரோக்கோலியும் ஸ்ட்ராபெரியும் ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாறும் இருக்கும். கேள்வியைப் பார்த்தால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, மதியம் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் என்று தோன்றுகிறது. அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தனியார் பள்ளி என்றாலும் அட்டைகள் மாறாது.

சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பின்பக்கம் பெயரை எழுதிப் படம் வரைந்தால் அட்டை தயார். ஐந்து பேருக்கு ஒரு கட்டு, கட்டுக்கு 24 அட்டை போதும். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் என்று ஏழு. துவரம்பருப்பு, உளுந்து, கொண்டைக்கடலை, நிலக்கடலை, முட்டை, கருவாடு, பால் என்று ஏழு. முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, கேரட், கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் என்று எட்டு. மிச்சம் இரண்டு, எண்ணெயும் தேங்காயும். உங்கள் ஊரில் வேறு என்ன விளைகிறதோ அதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கட்டில் சமைத்த பண்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். இட்லி, சாம்பார், தக்காளி சாதம் என்று அட்டை போட்டுவிட்டு எந்தப் பிரிவு என்று கேட்டால், சாம்பாரைப் பருப்பு என்று ஒரு பிள்ளை சொல்லும், காய் என்று இன்னொன்று சொல்லும், இரண்டும் சரிதான். ஆசிரியர் ஏதோ ஒன்றைச் சரி என்று சொல்லி முடிப்பார். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொள்ளும், பிரிக்கக் கற்றுக்கொள்ளாது.

குவியல்கள் மூன்று, மேலே சொன்ன அதே வரிசையில்: ஆற்றல் தருபவை, வளர்ச்சிக்கு உதவும் புரத வகை, பாதுகாப்பவை. எண்ணெயும் தேங்காயும் ஓரமாகத் தனியே இருக்கட்டும். பத்து நிமிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். சண்டை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உருளைக்கிழங்கு கண்டிப்பாகக் காய்கறிப் பக்கம் போகும், வாழைக்காயும் அதன் பின்னாலேயே போகும். காய்கறிக் கடையில் விற்பதால் அது காய்தானே என்று பிள்ளைகள் வாதாடும். அந்த வாதம் நியாயமானது, அதனால் தப்பு என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். கடையில் எங்கே விற்கிறது என்பது கேள்வி இல்லை, உள்ளே எது மிகுதி என்பதுதான் கேள்வி. இரண்டிலும் மிகுதி மாவுச்சத்து, ஆகவே அரிசியோடு சேரும். பசங்களுக்குப் புரியும்படி சொன்னால், உருளைக்கிழங்கு வறுவலைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவது சோற்றைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுகிற கதை.

நிலக்கடலையை எண்ணெய்ப் பக்கம் வைக்கும் குழு இருந்தால் பாராட்டுங்கள், ஏனென்றால் அதில் பாதிக்குப் பாதி கொழுப்புதான். ஆனால் நூறு கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதமும் இருக்கிறது, ஒரு கைப்பிடி என்று அளவு சொல்லிப் புரதக் குவியலில் வைத்துக்கொள்ளலாம். தேங்காய் அப்படி இல்லை. அதில் புரதம் சொற்பம், அது எண்ணெயோடுதான். கருவாடு அட்டையை எடுத்தவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு வரும், மூக்கைப் பிடிக்கும் பிள்ளைகூட இருக்கும். தண்ணீர் வற்றிய மீன் என்பதால் எடைக்கு எடை பச்சை மீனைவிடப் புரதம் அதிகம், உப்பும் அதிகம் என்று அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போங்கள். மாட்டுக்கறி, ஈரல், நண்டு என்று பிள்ளைகள் சேர்க்கச் சொன்னாலும் இதே முறைதான், வெற்று அட்டையில் எழுதிப் புரதத்தில் வையுங்கள். இதைப் படித்துவிட்டு "பள்ளியில் இதெல்லாமா" என்று கருத்துப் பெட்டிக்கு வருபவர்களுக்கு: அட்டை யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை, எதில் என்ன இருக்கிறது என்றுதான் சொல்கிறது.

இனிமேல்தான் சமைத்த பண்டங்கள். இட்லி, சாம்பார், ரசம், தக்காளி சாதம், கீரைக் கூட்டு, சுண்டல், பரோட்டா என்று ஏழெட்டு அட்டை கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதில் சேரும் பொருள் அட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதும் ஒரே கேள்வி: இதில் எது எவ்வளவு? இட்லிக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. எனவே ஆற்றல் பக்கம், கொஞ்சம் புரதத்தோடு. தக்காளி சாதத்தில் தக்காளி பெயரில்தான் பெரிது. ரசத்தைக் காய்கறி என்பார்கள், ஒரு கரண்டி ரசத்தில் ஒருவருக்கு வருவது தக்காளியில் ஒரு துண்டு.

சாம்பாருக்கு மட்டும் கணக்குப் போடுங்கள், ஐந்தாம் வகுப்புக்கு அந்த வகுத்தல் தெரியும். ஐந்து பேருக்கு 80 கிராம் துவரம்பருப்பு போட்டு வைத்தால் ஆளுக்கு 16 கிராம். அதில் புரதம் மூன்றரை கிராம் சொச்சம். ஒரு முட்டையில் ஆறு கிராமுக்கு மேல். அதாவது அந்தச் சாம்பார் அரை முட்டைக்குச் சமம். தண்ணீர் ஊற்றி நீட்டினால் சாம்பார் பெருகும், பருப்பு பெருகாது. காலி டம்ளரில் 16 கிராம் பருப்பைப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. அடியை மூடும் அளவுதான் இருக்கும், அதைப் பார்த்த பிள்ளை சாம்பாரைச் சட்டென்று புரதம் என்று சொல்லாது.

இதோடு முதல் பீரியட் முடியும். முடிய விட்டால். பாதியில் யாராவது வந்து ஏதோ ஒரு பட்டியலை உடனே ஆன்லைனில் ஏற்றச் சொன்னால், அட்டைகள் மேசையில் கிடக்க நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அதைத் தனிக் கேள்வியாக யாராவது கேளுங்கள், எழுத நிறைய இருக்கிறது.

இரண்டாவது பீரியட் தட்டு. தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, பாதி காய் பழத்துக்கு, கால் பங்கு சோறு வகைக்கு, கால் பங்கு புரதத்துக்கு என்று பிரிப்பீர்கள். இங்கே ஒரு சிக்கல், புத்தகம் இதைச் சொல்லாது. பிள்ளைகள் ஒரு மணி நேரம் கழித்துச் சத்துணவுத் தட்டைக் கையில் வாங்கும், அது இந்தப் படம் மாதிரி இருக்காது. மதிய உணவுத் திட்டத்தின் மத்திய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50. வெந்ததும் அரிசி கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையாகிவிடும், காய் வதங்கிச் சுருங்கும். பாதித் தட்டுக்குக் காய் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் முட்டை கொடுப்பதால் புரதப் பங்கு தேறிவிடுகிறது, காய் பழப் பங்குதான் காலியாக நிற்கும். நம் சாப்பாடு தப்பு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும், அல்லது டீச்சர் சொன்னது சும்மா என்று முடிவு கட்டும். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

ஆகவே தட்டை ஒரு வேளைக்கு வைக்காதீர்கள், ஒரு நாளைக்கு வையுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்டிருக்கும் தட்டும் நாள் கணக்குதான். பெரியவர் ஒருவருக்கு 2000 கலோரிக்கு, சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், காய்கறி 400, பழம் 100, பருப்பு அல்லது முட்டை இறைச்சி வகை 85, பால் 300 மில்லி. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், அவர்கள் அளவு வேறு. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன். 250 கிராம் அரிசி வெந்தால் முக்கால் கிலோவை நெருங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் சோற்றைக் குறை என்று பாடத்தைத் தொடங்கவே கூடாது. ஓடி விளையாடும் பிள்ளையின் தட்டில் சோற்றுக்குப் பதிலாக வைக்க ஒன்றும் இல்லாதபோது சோற்றைக் குறைத்தால் பசிதான் மிஞ்சும். முதலில் சேர்ப்பது, பிறகு மாற்றுவது.

திட்டம் போடும் பகுதிக்கு, "நேற்று உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். இரவு ஒன்றும் இல்லாமல் படுத்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம், அது பொய் சொல்ல வேண்டியிருக்கும். கற்பனையாக ஒரு வீட்டை நீங்களே கொடுங்கள். இப்படி: காலை மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். இரவு மிச்ச ரசத்தோடு சோறு, அப்பளம். இதை அட்டைகளாக்கித் தரை வட்டத்தில் வைக்கச் சொன்னால், கால் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் அரிசியும் கிழங்கும் வழிந்து நிற்கும். பாதுகாப்பவை பக்கத்தில் ரசத்துத் தக்காளி ஒன்றுதான். புரதப் பக்கத்தில் இட்லி உளுந்தும் அப்பளத்து உளுந்தும், அதிலும் அப்பளம் ஓரிரு வாய்தான்.

விதி இதுதான்: ஒன்றை மாற்றலாம், இரண்டைச் சேர்க்கலாம், அவ்வளவே. சேர்க்கும் பொருள் தெருவில் அல்லது கொல்லையில் கிடைக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் எல்லாக் குழுவும் ஆப்பிளும் பாதாமும் டப்பா சத்து மாவுமாக எழுதி நீட்டும், பார்க்க அழகாக இருக்கும், யோசித்ததற்கான தடயம் இருக்காது. நல்ல விடை ஒன்று எப்படி இருக்கும் என்றால், உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துவிட்டுப் பருப்பு போட்ட முருங்கைக்கீரைக் கூட்டு. ஒரே மாற்றத்தில் இரண்டு காலி இடமும் கொஞ்சம் நிரம்பும். இரவுக்கு ஒரு முட்டை, முட்டை சாப்பிடாத வீடு என்றால் ஒரு கிண்ணம் சுண்டல். மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யா. கொய்யா ஏன் மதியமே என்று கேட்கும் குழுவுக்கு, அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும் என்று சொல்லலாம். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இதற்கு நேர்மாறு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் "ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வரி எழுத வேண்டும், மதிப்பெண் அந்த வரிக்குத்தான். "சத்து இருக்கு" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள், எந்தக் குவியல் காலியாக இருந்தது என்று எழுதி வரட்டும்.

புரிந்ததா என்று பார்க்க, முன்பு பேசாத ஓர் அட்டையை நீட்டுங்கள். பாவ் பாஜி நல்ல தேர்வு, இப்போது எல்லா ஊர்த் தள்ளுவண்டியிலும் கிடைக்கிறது. "காய்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் முதல் பீரியட் சேரவில்லை. மாவு, கிழங்கு, பட்டாணி, தக்காளி, வெண்ணெய் என்று பிரித்துவிட்டு "இதில் உருளைக்கிழங்கு எவ்வளவு போடுவாங்க டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டால் சேர்ந்துவிட்டது.