8 ஜிபி கார்டில் 7.6 ஜிபி காட்டினால்: வீடியோ மெமரி கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ஓவர்லேயில் 7.6 ஜிபி காட்டுகிறது, ஆனால் கேம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கார்டு போதவில்லையா?

போதுகிறது. பேருந்தில் துண்டு போட்டு வைத்த இருக்கைகளையும் ஆள் உட்கார்ந்திருக்கும் இருக்கைகளையும் சேர்த்து எண்ணினால் வண்டி நிரம்பியதாகத்தான் தெரியும். கேம் ஓடும்போதே திரையின் மேல் ஓவர்லேயாக எண்களைக் காட்டும் ஆஃப்டர்பர்னர் நிரலில் `Memory usage` என்ற வரி அப்படித்தான் எண்ணுகிறது. கேம் கேட்டு வாங்கிய இடம், விண்டோஸ் திரையை வரைவதற்காக `dwm.exe` வைத்திருக்கும் இடம், பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசர் பிடித்த இடம் ஆகிய எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. அந்த இடத்தில் உள்ள தரவை இந்த நொடியில் யாராவது படிக்கிறார்களா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

கேம்கள் தேவைக்கு மேல் இடம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கடந்து வந்த தெருவின் டெக்ஸ்சர்களை, அதாவது சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களை, மெமரியிலிருந்து உடனே நீக்குவதால் கேமுக்கு எந்த லாபமும் இல்லை. நீங்கள் திரும்பி வந்தால் அவற்றை மறுபடியும் எஸ்எஸ்டியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே வேறொன்றுக்கு இடம் தேவைப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். அன்ரியல் எஞ்சினில் `r.Streaming.PoolSize` என்ற அமைப்பு இதற்கான கொள்ளளவைத்தான் குறிக்கிறது. கொள்ளளவைப் பெரிதாக வைத்தால் ஓவர்லே எண்ணும் ஏறக்கூடும். அதனால் மட்டும் காட்சிக்கு அவ்வளவு தேவை என்று ஆகிவிடாது.

சென்ற வாரம் என் 8 ஜிபி கார்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு திறந்தவெளி கேமில் நகரச் சந்தையில் நின்றபோது ஓவர்லே மொத்தம் 7.6 ஜிபி காட்டியது, டாஸ்க் மேனேஜரில் `Shared GPU memory`, அதாவது கார்டில் கொள்ளாத தரவு வழிந்து சேரும் கணினி ரேமின் பங்கு, 0.3 ஜிபி இருந்தது, ஒரு பிரேமை வரைய ஆகும் நேரத்தைக் காட்டும் பிரேம் டைம் கோடு 16.7 மில்லிசெகண்டில் நேராகச் சென்றது. காணொளி ஓடிக்கொண்டிருந்த பிரவுசரை மூடியதும் மொத்தம் 7 ஜிபிக்கு இறங்கியது. பிரேம் டைமில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு பிரவுசரை மறுபடி திறந்து, டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி உயர்த்தினேன். மொத்தம் 7.8 ஜிபி ஆனது, அதாவது முன்பைவிட 0.2 ஜிபிதான் கூடுதல். ஆனால் `Shared GPU memory` 1.4 ஜிபிக்குத் தாவியது, கேமராவைத் திருப்பும்போதெல்லாம் பிரேம் டைம் 45 மில்லிசெகண்ட் வரை குத்தியது. நலமாக இருந்தபோதும் திணறியபோதும் ஓவர்லேயின் அந்த ஓர் எண் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: அண்ணா, டாஸ்க் மேனேஜரில் அந்த Shared எண் எனக்குச் சும்மா இருக்கும்போதே 0.2 காட்டுகிறது. அப்படியென்றால் எனக்கும் வழிகிறதா?

இல்லை. கார்டுக்கு அனுப்பும் தரவை முதலில் கணினியின் ரேமில் வைத்துத்தான் டிரைவர் அனுப்புகிறது, அதனால் அந்த எண் பூஜ்யமாக இருப்பது அரிது. அந்த எண் இருக்கிறதா என்று பார்க்காமல், விளையாடும்போது அது ஏறுகிறதா, அது ஏறும் அதே நேரத்தில் பிரேம் டைம் குத்துகிறதா என்று பாருங்கள். `Details` பட்டியலின் தலைப்பில் வலது சொடுக்கு செய்து `Shared GPU memory` என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால் கேமுக்கு உரிய எண்ணைத் தனியாகக் காணலாம்.

கேள்வி: 16 ஜிபி ரேம் போட்டிருக்கிறேன், கேம் ஆடும்போது 14 ஜிபி போகிறது. இன்னொரு ஸ்டிக் வாங்கலாமா?

நீங்கள் கேட்பது கணினியின் ரேம். இங்கே பேசுவது கிராபிக்ஸ் கார்டின் மெமரி. ரேம் பற்றிய கேள்விகளுக்கான இழையில் கேளுங்கள்.

கேள்வி: ஒதுக்கியதும் பயன்படுத்துவதும் வேறு என்பது பழைய கதை. ஆஃப்டர்பர்னரில் இப்போது `Memory usage \ process` என்று தனியாக வந்துவிட்டது. அதுதான் உண்மையான பயன்பாடு. அதைப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பாதி சரி. அந்த வரி மற்ற நிரல்களைக் கழித்துவிட்டுக் கேம் ஒன்றின் பங்கை மட்டும் காட்டுகிறது. ஆகவே மொத்த எண்ணைவிட அது நல்லது, நானும் அதையே வைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் அந்தக் கேம் துண்டு போட்ட இருக்கைகளின் எண்ணிக்கைதான். கேம்கள் தங்கள் நிலையை அறிய விண்டோஸிடம் `QueryVideoMemoryInfo` வழியாகக் கேட்கும்போதும் தங்களுக்கு எவ்வளவு அனுமதி, இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்பது போன்ற எண்களைத்தான் பெறுகின்றன. எந்த பைட்டைச் சிப் தொட்டது என்ற கணக்கு அங்கேயும் இல்லை.

இதை ஒரு வகுத்தல் கணக்கிலேயே காணலாம். ஆர்டிஎக்ஸ் 4060-இன் மெமரி வேகம் நொடிக்கு 272 ஜிபி. நொடிக்கு 60 பிரேம் ஓடினால் ஒரு பிரேமுக்கு 272-ஐ 60-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 4.5 ஜிபிதான் கிடைக்கும். சிப் வேறெதுவும் செய்யாமல் மெமரியைப் படித்துக்கொண்டே இருந்தாலும் ஒரு பிரேமுக்குள் அந்த 7.6 ஜிபியையும் தொட முடியாது. 120 பிரேம் என்றால் அந்த வரம்பு 2.3 ஜிபிக்கும் கீழே போய்விடும்.

மறுப்பு: ஒரு பிரேமை மட்டும் கணக்கில் எடுப்பது நியாயமா? பத்து நொடி நடந்தால் முன்னும் பின்னும் இருக்கும் எல்லாமே தேவைப்படுமே?

நியாயமான மறுப்பு. ஒரு பிரேமுக்குத் தேவையானது வேறு, ஒரு காட்சியை நடந்து முடிப்பதற்குத் தேவையானது வேறு. இரண்டாவது நிச்சயம் பெரிது, அது எவ்வளவு என்பது உங்கள் நடையின் வேகத்தையும் கேமையும் பொறுத்தது. நான் மறுப்பது ஒன்றைத்தான்: ஓவர்லே எண் இந்த இரண்டில் எதுவும் அல்ல.

மெமரி வழிந்தால் ஏன் வலிக்கிறது என்பதையும் அதே வகுத்தல் கணக்கு சொல்லிவிடும். இடம் போதாமல் ரேமுக்குத் தள்ளப்பட்ட தரவு பிசிஐஇ பாதை வழியாக வர வேண்டும். 4060 எட்டு லேன் கார்டு, ஆகவே பிசிஐஇ 4.0 மதர்போர்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, 3.0 மதர்போர்டில் அதில் பாதி. ஒரு பிரேமுக்கு 4.5 ஜிபி படிக்க முடிந்த இடத்தில் இந்தப் பாதை தருவது சுமார் 0.26 ஜிபி அல்லது 0.13 ஜிபி. பழைய மதர்போர்டில் 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் வழிதலுக்கு மற்றவர்களைவிட அதிகம் அஞ்ச வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: 7.8 / 8 காட்டுகிறது, கார்டு கெட்டுவிடுமா சார்?

கெடாது. மெமரி நிரம்புவதால் கார்டுக்குச் சேதம் வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் நண்பன் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிபி வைத்திருக்கிறான். அதே கேம் அவனிடம் 11 ஜிபி எடுக்கிறது. என் 4060 டிஐ 8 ஜிபி. ஆக எனக்கு 3 ஜிபி பற்றாக்குறை, இதில் என்ன சந்தேகம்?

அந்தக் கழித்தல் தவறு. 16 ஜிபி கார்டில் விண்டோஸ் கேமுக்கு அனுமதிக்கும் அளவு பெரிது, அதனால் கேம் பழைய தரவை நீக்காமல் அதிகம் வைத்துக்கொள்கிறது. அவரிடம் 11 ஜிபி இருப்பதால் உங்களுக்கு 11 ஜிபி தேவை என்று பொருள் இல்லை. 2023-இல் வந்த அந்த இரண்டு கார்டுகளும் ஒரே சிப், ஒரே 288 ஜிபி வேகம் என்பதால் ஒப்பிட மிகவும் ஏற்றவை. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வழியில் நடந்து பிரேம் டைம் கோடுகளை ஒப்பிடுங்கள்.

மறுபடியும் அவரே: ஒப்பிட்டுவிட்டேன். இரண்டும் நேர்கோடு. ஆனால் என் திரையில் சுவரில் உள்ள எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன, அவன் திரையில் படிக்க முடிகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, முன்பு நான் இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சில கேம்கள் இடம் போதாதபோது திணறுவதில்லை, பேசாமல் டெக்ஸ்சரின் சிறிய பிரதியைப் போட்டுவிடுகின்றன. அப்போது பிரேம் டைமும் நேராக இருக்கும், `Shared GPU memory`-யும் ஏறாது, ஆனால் பற்றாக்குறை உண்மை. இதைக் கண்தான் பிடிக்க முடியும். அந்தச் சுவரின் எதிரே பத்து நொடி அசையாமல் நின்று ஒரு படம் எடுங்கள். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்து, கேமை மூடித் திறந்து, அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். தரத்தைக் குறைத்த பிறகு எழுத்து தெளிவானால், மேல் படி உங்கள் கார்டில் கொள்ளவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டு படமும் ஒன்றுபோல மங்கலாக இருந்தால் கேமின் பிழையாகவும் இருக்கலாம், அதை நான் இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

இடையில் இன்னொருவர்: அப்படியென்றால் நிரம்பிய எண் பிரச்சினைதான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை. அவருடைய மங்கலை ஓவர்லே எண் காட்டிக்கொடுக்கவில்லை, சுவர் காட்டிக்கொடுத்தது. முதலில் கேட்டவருக்கும் இவருக்கும் ஓவர்லே ஒன்றுபோலவே நிரம்பியிருக்கும்.

கேள்வி: மடிக்கணினி. தனி கார்டு கிடையாது. `Dedicated GPU memory` 512 எம்பி, எப்போதும் நிரம்பியே இருக்கிறது.

உங்கள் கணினியில் அது பயாஸ் ரேமிலிருந்து வெட்டி வைத்த ஒரு துண்டு. மிச்சம் எல்லாம் `Shared GPU memory`-யிலிருந்து வரும், இரண்டும் ஒரே ரேம்தான். மற்றவர்களுக்கு நான் சொன்ன எச்சரிக்கை உங்களுக்குப் பொருந்தாது, அந்த எண் ஏறுவது உங்கள் கணினியில் இயல்பு.

கேள்வி: வீடியோ மெமரியைக் காலி செய்யும் ஆப் ஒன்று இருக்கிறதாமே, போடலாமா?

போடாதீர்கள். கேம் பிடித்த இடத்தை வெளியிலிருந்து இன்னொரு நிரல் பாதுகாப்பாக விடுவிக்க முடியாது. பிரவுசரை மூடுங்கள், அது போதும்.

கேள்வி: 8 ஜிபியில் 7.5 காட்டுகிறது, என்ன செய்வது?

இது மூன்றாவது முறை. தயவுசெய்து எழுதும் முன் மேலே படியுங்கள். பிரேம் டைம் கோட்டையும் Shared எண்ணையும் சேர்த்து எழுதினால் மட்டுமே என்னால் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: லினக்ஸ், ரேடியான் கார்டு. மேங்கோஹட்டில் மெமரி நிரம்பித் தெரிகிறது. டாஸ்க் மேனேஜர் இல்லாத எங்களுக்கு வழி?

இருக்கிறது. விண்டோஸில் Shared என்று சொல்வதற்கு இணையானது உங்களிடம் ஜிடிடி. கீழே உள்ளதை ஒரு முனையத்தில் ஓடவிட்டு விளையாடுங்கள். உங்கள் கணினியில் `card0` இல்லையென்றால் `card1` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

```
cd /sys/class/drm/card0/device
watch -n1 cat mem_info_vram_used mem_info_gtt_used
```

இரண்டு எண்களும் பைட்டில் வரும். முதல் எண் உச்சியில் நின்றுகொண்டிருக்கும்போது இரண்டாவது எண் நூற்றுக்கணக்கான எம்பி கணக்கில் ஏறி, அந்த நொடியில் படமும் தடுமாறினால் டெக்ஸ்சரை ஒரு படி குறையுங்கள். இரண்டாவது எண் அசையாமல் இருந்தால் அமைப்பை மாற்ற வேண்டாம்.